ஏறி இறங்கும் எண்கள்

4, 9, 9, 12, 6, 3, 8. வரிசை மாறாமல் சில எண்களை விட்டுவிட்டு, மிச்சமுள்ளவை ஒருமுறை ஏறி, மறுமுறை இறங்கி மாறி மாறி வர வேண்டும். அதிகபட்சம் எத்தனை எண்கள் மிஞ்சும்?

எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க வேண்டியதில்லை. முதல் எண்ணுக்கு ஒன்று என்று தொடங்கி, இடமிருந்து வலமாக ஒரே நடை போதும். திசை புதிதாகும்போது மட்டும் ஒன்றைக் கூட்டுகிறோம். 9க்கு ஏறுகிறது: 2. 12க்கும் ஏற்றமே, கூட்டுவதில்லை. 6க்கு இறங்குகிறது: 3. 3க்கும் இறக்கமே. 8க்கு மீண்டும் ஏற்றம்: 4. விடை 4, அந்த எண்கள் 4, 12, 3, 8.

ஏற்றத்தில் 9ஐ விட்டு 12ஐப் பிடிப்பதில் நஷ்டமே இல்லை. 9ஐவிடச் சிறிய எந்த எண்ணும் 12ஐவிடவும் சிறியதுதானே! உச்சியில் நின்றால் இறங்கும் வாய்ப்பு கூடுமே தவிரக் குறையாது.

பலர் சறுக்குவது அடுத்தடுத்த இரண்டு 9களில். வித்தியாசம் பூஜ்யம் என்றால் பழைய திசையை அப்படியே வைத்திருக்க வேண்டும். பூஜ்யத்தையே திசையாகக் குறித்துக்கொண்டால் 12 புதிய ஏற்றமாகத் தோன்றி, விடை 5 என்று தவறாக வரும்.