பணிக்கொடைத் தாளில் இரண்டு எண்கள்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லராக இருந்த பெண் ஒருவர் 2025 ஜனவரி 31 அன்று வேலையை விட்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செட்டில்மெண்ட் தாளில் பணிக்கொடைக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 9,000 × 15 ÷ 26 × 14 = 72,692 ரூபாய். கூட்டல் பெருக்கலில் தவறு கிடையாது. ஆனால் அந்த 9,000 எங்கிருந்து வந்தது, 14 எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

15, 26 இரண்டும் சட்டம் கொடுத்த எண்கள். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு மாதத்தை 26 வேலை நாளாகக் கொண்டு ஒரு நாள் கூலியைக் கணக்கிட வேண்டும். 26-க்குப் பதில் 30-ஆல் வகுத்துக் கொடுக்கும் இடங்களும் உண்டு. அப்படிச் செய்தால் 9,000 ரூபாய் சம்பளத்துக்கு வருடத்துக்கு 5,192 வர வேண்டிய இடத்தில் 4,500 தான் வரும். இந்தத் தாளில் அந்தத் தவறு இல்லை.

முதலில் 14-ஐப் பார்க்கலாம். இந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்தது 2009 ஜூன் 1. அப்படியானால் 15 வருடம் 8 மாதம். கடைசியில் மிஞ்சும் மாதங்கள் ஆறைத் தாண்டினால் அதை முழு வருடமாகவே எடுக்க வேண்டும் என்பதால் கணக்கு 16 வருடம். கம்பெனி 14 போட்டதற்குக் காரணம் பி.எஃப். பாஸ்புக்கில் தெரிகிறது. அங்கே சேர்ந்த தேதி 2011 ஏப்ரல் 1. முதல் இரண்டு வருடம் பி.எஃப். பிடிக்காமலே வேலை வாங்கியிருக்கிறார்கள். அலுவலகத்தில் செட்டில்மெண்ட் போட்டவர் பி.எஃப். பதிவில் இருந்த தேதியை அப்படியே எடுத்துவிட்டார்.

பணிக்கொடைக்கு வேலையில் சேர்ந்த நாள்தான் கணக்கு, பி.எஃப்.-இல் பெயர் ஏறிய நாள் அல்ல. அதை நிரூபிக்க வேலை நியமனக் கடிதம் இருந்தால் போதும். பனியன் கம்பெனிகளில் அது பலர் கையில் இருக்காது. அப்போது இ.எஸ்.ஐ. அட்டையில் உள்ள பதிவுத் தேதி, பழைய சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகத்தில் முதல் சம்பளம் ஏறிய வரி, பழைய கம்பெனி அடையாள அட்டை ஆகியவற்றில் எது கிடைத்தாலும் உதவும். இடையில் ஆர்டர் இல்லாமல் வேலை குறைந்த வருடங்களைக் காட்டிச் சிலர் ‘பிரேக் சர்வீஸ்’ என்பார்கள். வருடத்துக்கு 240 நாள் வேலை நடந்திருந்தால் அது தொடர்ச்சியான பணிதான். சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் பிரசவ விடுப்பும் அந்த 240-க்குள் சேரும். 14-ஐ 16 ஆக்கினாலே தொகை 83,077 ஆகிவிடுகிறது.

அடுத்தது 9,000. இதுதான் கண்ணுக்குப் படாத இடம். 2023 டிசம்பர் வரை இவருடைய சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000. 2024 ஜனவரியிலிருந்து அதே தொகையை 9,000 என்றும் ‘ஸ்பெஷல் அலவன்ஸ்’ 3,000 என்றும் பிரித்துவிட்டார்கள். மொத்தம் மாறவில்லை. பி.எஃப். பிடித்தம் மட்டும் 1,440-லிருந்து 1,080-ஆகக் குறைந்து, கைக்கு வரும் சம்பளம் 360 ரூபாய் கூடியது. கூடுதலாக வந்த பணத்தைப் பற்றி யார்தான் புகார் சொல்வார்கள்?

சம்பளச் சீட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் 9,000 என்றே சொல்லும், பொருத்தம் சரியாக இருக்கும். அதனால் ஒரே மாதத்தை ஒப்பிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பாஸ்புக்கில் சம்பளம் என்ற பத்தியை மேலிருந்து கீழே விரலோட்டிப் பார்க்க வேண்டும். உயர வேண்டிய எண் எந்த மாதத்தில் இறங்குகிறதோ அங்கே பிரிப்பு நடந்திருக்கிறது. மாதத்தைத் தேடும்போது ஒன்று கவனம்: Cont. For Due-Month 022024 என்று பாஸ்புக்கில் இருந்தால் அது பிப்ரவரியில் கட்ட வேண்டிய ஜனவரிச் சம்பளத்தின் பணம். இது தெரியாமல் பிப்ரவரிச் சீட்டோடு ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் நிறையப் பேர்.

அதே வரியில் கம்பெனியின் பங்கும் இருக்கிறது. 12,000 சம்பளத்தில் தொழிலாளி பங்கு 1,440. கம்பெனி பங்கு என்ற பத்தியில் வெறும் 440. ‘என்னிடம் 1,440 பிடித்துவிட்டு அவர்கள் 440 தான் போட்டார்கள்’ என்று பலர் கொதிப்பது இங்கேதான். அது நியாயமான கோபம் அல்ல. கம்பெனியும் 12 சதவீதமே கட்டுகிறது, அதில் 8.33 சதவீதம், அதாவது 1,000 ரூபாய், ஓய்வூதிய நிதிக்குப் பக்கத்துப் பத்தியில் போகிறது. 440-ஐயும் 1,000-ஐயும் கூட்டினால் 1,440 வர வேண்டும். வந்தால் சரி. ஓய்வூதியத்துக்கு எடுக்கும் சம்பளத்துக்கு 15,000 என்ற உச்சவரம்பு 2014 செப்டம்பரிலிருந்து இருப்பதால், சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் அந்தப் பத்தி பொதுவாக 1,250-ஐத் தாண்டாது. பிரிப்புக்குப் பிறகு இவருடைய வரி 1,080, 330, 750 என்று ஆகிவிட்டது. கம்பெனி மாதம் 360 ரூபாய் குறைவாகக் கட்டியது. 13 மாதத்தில் 4,680.

இந்த இரண்டு இழப்பும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. பி.எஃப்.-ஐப் பொறுத்தவரை தொழிலாளியின் கை வலுவானது. எல்லோருக்கும் பொதுவாக, வழக்கமாகக் கொடுக்கும் படி எந்தப் பெயரில் இருந்தாலும் அடிப்படைச் சம்பளத்தோடு சேரும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆகவே அந்த 3,000-க்கும் பங்கு கட்டச் சொல்லி பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், epfigms.gov.in தளத்திலும் பதியலாம். 1972-ஆம் ஆண்டுச் சட்டமோ வீட்டு வாடகைப்படி, போனஸ், ஓவர்டைம் ஆகியவற்றோடு ‘வேறு எந்தப் படியும்’ சம்பளத்தில் சேராது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எனவே 12,000-க்குப் பணிக்கொடை கேட்க வேண்டுமானால், இருந்த அடிப்படைச் சம்பளத்தையே பெயர் மாற்றிக் குறைத்தார்கள் என்று காட்ட வேண்டும். அதற்கு 2023 டிசம்பர் சீட்டும் 2024 ஜனவரி சீட்டும்தான் ஆதாரம். சம்பள அமைப்பைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற தொழில் தகராறு சட்ட விதி அப்போது இருந்தது. அறிவிப்பு வந்ததா என்றும் கேட்கலாம். வாதம் வென்றால் கணக்கு 12,000 × 15 ÷ 26 × 16, அதாவது 1,10,769 ரூபாய்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், சம்பளத்தில் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேரும். அதற்குப் பிறகு விலகுகிறவர்கள் இந்தப் பாதிக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் கணக்கில் உள்ள பெண் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் கேட்க வேண்டும்: சேர்ந்த தேதிக்கான ஆதார நகலை இணைத்து, 16 வருடத்துக்குத் திருத்திய கணக்கு வேண்டும் என்று. பணிக்கொடை சேர வேண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வட்டியும் உண்டு. மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ தொழிலாளர் துறையில் பணிக்கொடை வழக்குகளைப் பார்க்கும் அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். அதற்குள் கம்பெனி தரும் 72,692-ஐ வாங்கிக்கொள்வதில் தடை இல்லை. வாங்கும்போது ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த ரசீதில் அப்படியே கையெழுத்திடாமல், ‘ஆட்சேபணையோடு பெறுகிறேன், பணிக்காலமும் சம்பளமும் குறைவாகக் கணக்கிடப்பட்டுள்ளன’ என்று தன் கையால் எழுதி, தேதி போட்டு, அதன் படத்தைப் போனில் எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.