காங்கிரீட் எங்கே நின்றது?

சீர்காழியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் வீடு கட்டுகிறவர்களில் பலர் ஊரில் இருப்பதில்லை. சிங்கப்பூரிலோ துபாயிலோ சென்னையிலோ இருந்துகொண்டு, வேலை நகர நகரப் பணம் அனுப்புகிறார்கள். சைட்டில் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவது சைட் இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் போடும் செய்திகளால்தான். கலவை மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கையால் தட்டிவிடும் செய்திகள் அவை. முன்பின் இல்லாமல், பாதி சொல்லியும் பாதி சொல்லாமலும் இருக்கும். அதனால் சில கான்ட்ராக்டர்கள் வாரக் கடைசியில் அவற்றைத் தொகுத்து, ஒழுங்கான அறிக்கையாக எழுதி வீட்டுக்காரருக்கு அனுப்புகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் இப்படித் தொகுக்கும்போது பெரும்பாலும் நடை திருந்துகிறது, தகவல் தேய்கிறது. இன்ஜினியரின் கொச்சைச் செய்தியில் இருந்த நாள், நேரம், தயக்கம், காரணம் எல்லாம் அழகான வாக்கியத்துக்குள் காணாமல் போய்விடுகின்றன. அறிக்கை எழுதுகிறவர் முதலில் செய்ய வேண்டியது, செய்தியில் விட்டுப்போனதைச் சைட்டில் கேட்டு வாங்குவது. வாக்கியத்தைத் திருத்துவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி, 5 அங்குலக் கனத்தில் மேல்தளம். ஹாலின் குறுக்கே 16 அடி நீளத்தில் ஒரு பீம். பீம்களையும் சேர்த்தால் காங்கிரீட் 500 கன அடி வரும், அதாவது சுமார் 14 கன மீட்டர். நவம்பர் மாதம், வடகிழக்குப் பருவமழை நேரம். அந்த வாரம் இன்ஜினியர் அனுப்பியவை இவை என்று கொள்வோம். செவ்வாய்: “சார், கம்பி கட்டு ஆல்மோஸ்ட் முடிஞ்சுது.” புதன்: “மழை சார், ஆள் வரல.” வியாழன், 13ஆம் தேதி: “காங்கிரீட் ஓடிட்டிருக்கு. மூணு மணிக்கு மழை புடிச்சுது, தார்ப்பாய் போட்டு நிறுத்தி அப்புறம் முடிச்சாச்சு. 110 மூட்டை ஆச்சு. கியூப் 3 எடுத்தாச்சு.” வெள்ளி: “பாத்தி கட்டி தண்ணி விட்டாச்சு.” சனி: “மேஸ்திரி அடுத்த வாரம் முட்டு பிரிச்சுக்கலாமான்னு கேக்குறாரு, ஷீட் வேற சைட்டுக்கு வேணுமாம்.”

இது வழக்கமான அறிக்கையானால் எப்படி இருக்கும்? ‘இவ்வாரம் மேல்தள காங்கிரீட் பணி மழையையும் மீறி வெற்றிகரமாக நிறைவு பெற்றது. தரப் பரிசோதனைக்காக கியூப்கள் எடுக்கப்பட்டுள்ளன. கியூரிங் பணி நடைபெற்று வருகிறது. மொத்தப் பணியில் 60 சதவீதம் முடிவடைந்துள்ளது.’ இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். ஆனால் இன்ஜினியரின் செய்தியில் வெளிப்படையாகக் கிடந்த மூன்று சங்கதிகள் இதில் இல்லை. அந்த 60 சதவீதமோ எதில் 60 என்று எவராலும் சொல்ல முடியாத எண். செலவான பணத்திலா, வேலையிலா, நாளிலா? மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

முதல் சங்கதி, மூன்று மணி மழை. தளம் போடும்போது வேலை நின்றால், அது எவ்வளவு நேரம் நின்றது, எந்த இடத்தில் நின்றது என்பதே கேள்வி. ஏற்கெனவே போட்ட காங்கிரீட் இறுகத் தொடங்கிய பிறகு அதன் ஓரத்தில் புதுக் கலவையைக் கொட்டினால் இரண்டும் ஒன்றாகச் சேராது. அங்கே ஒரு ஜாயின்ட் விழும். அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் ஒழுகினால் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஒழுகும். கால் மணி நேரம் நின்றது என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றது என்றால், நின்ற இடம் பீமுக்குப் பக்கத்திலா, ஸ்பானின் நடுவிலா, ஓரத்தை நேராக வெட்டிக் கொத்தி, சிமென்ட் பால் ஊற்றித்தான் தொடர்ந்தார்களா என்றெல்லாம் கேட்டாக வேண்டும். இதை இன்ஜினியர் எழுதவில்லை; ஆனால் அவருக்குத் தெரியும். போனில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அவருக்கே மறந்திருக்கும். அறிக்கையில் வர வேண்டிய வாக்கியம் இப்படி இருக்கும்: ‘மாலை 3.00 முதல் 3.40 வரை மழையால் காங்கிரீட் நின்றது. நின்ற இடம் சமையலறைக்கும் ஹாலுக்கும் இடையிலுள்ள பீமின் மேல். போட்ட பகுதி தார்ப்பாயால் மூடப்பட்டது. கலவை இறுகும் முன்பே வேலை தொடர்ந்தது.’ ‘மழையையும் மீறி வெற்றிகரமாக’ என்பதைவிட இது நீளம்தான். ஆனால் ஐந்து வருடம் கழித்துத் தளத்தில் ஈரம் கசிந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்பதை இந்த நாலு வரி சொல்லிவிடும்.

இரண்டாவது, கியூப். காங்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க 15 செ.மீ. கட்டைகளாக வார்த்து 28ஆம் நாள் அழுத்திப் பார்ப்பார்கள். மூன்று கட்டை சேர்ந்தது ஒரு மாதிரி. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, காங்கிரீட் 6 முதல் 15 கன மீட்டர் வரை இருந்தால் இரண்டு மாதிரி கேட்கிறது. இந்தத் தளம் 14 கன மீட்டர். ஆக ஆறு கட்டை எடுத்திருக்க வேண்டும், எடுத்தது மூன்று. இன்ஜினியர் ‘3’ என்று எண்ணைச் சொன்னதால்தான் இந்தக் குறை கண்ணில் படுகிறது. ‘கியூப்கள் எடுக்கப்பட்டன’ என்று தொகுத்த கணத்தில் குறை மறைந்துவிடுகிறது. தொகுத்தவர் வேண்டுமென்று மறைத்திருக்க மாட்டார். எண்ணைவிடப் பன்மை அழகாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கும், அவ்வளவுதான். மூன்றும் மழைக்கு முன் போட்ட கலவையிலிருந்து எடுத்தவையா, பின் போட்டதிலிருந்தா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மழைத் தண்ணீர் கலந்திருந்தால் அது பிந்தியதில்தான் கலந்திருக்கும்.

அந்த 110 மூட்டையையும் விட்டுவிடக் கூடாது. 1:1½:3 விகிதத்தில் போடும் காங்கிரீட்டுக்குக் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமென்ட் போகும். 14 கன மீட்டருக்கு 112. செய்தியில் வந்த எண்ணும் இந்தக் கணக்கும் ஒட்டி வருகின்றன. ‘தரமான காங்கிரீட்’ என்ற பாராட்டைவிட இந்த ஒரு எண் வீட்டுக்காரருக்கு அதிகம் சொல்கிறது. ஒருவேளை 85 மூட்டை என்று வந்திருந்தால், தளம் முடிந்த அன்றே கேள்வி எழுந்திருக்கும்.

மூன்றாவது சங்கதிதான் ஆபத்தானது, ஏனென்றால் அது இன்னும் நடக்கவில்லை. மேஸ்திரி முட்டைப் பிரிக்கக் கேட்கிறார். சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டானால், 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு ஏழு நாளும், 6 மீட்டர் வரையிலான பீமுக்குப் பதினான்கு நாளும் முட்டு நிற்க வேண்டும் என்பது அதே ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சம். 16 அடி பீம் ஏறக்குறைய 4.9 மீட்டர். எனவே சிறு அறைகளின் தளத்துக்கு அடியிலுள்ள முட்டு 20ஆம் தேதிக்கு முன்னும், ஹால் பீமுக்கு அடியிலுள்ள முட்டு 27ஆம் தேதிக்கு முன்னும் நகரக் கூடாது. இன்று வீடுகளுக்குப் பரவலாக வாங்குவது பி.பி.சி. சிமென்ட். அது மெதுவாக வலுப்பெறும். அதற்கு இன்னும் சில நாள் கூட்ட வேண்டுமா என்பதை இன்ஜினியர்தான் தீர்மானிக்க வேண்டும். கியூரிங்கும் பி.பி.சி.க்குக் குறைந்தது பத்து நாள், பதினான்கு என்றால் நல்லது. ‘கியூரிங் நடைபெற்று வருகிறது’ என்று எழுதினால் அது எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். ‘27ஆம் தேதி வரை பாத்தியில் தண்ணீர் நிற்கும், ஹால் பீம் முட்டு அதற்கு முன் எடுக்கப்படாது’ என்று எழுதி வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் ஒரே நகலை அனுப்பினால், ஷீட் கேட்டு வருகிறவருக்கு இன்ஜினியர் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு, ‘இவ்வளவையும் எழுதினால் சிங்கப்பூரில் இருப்பவர் பயந்துவிடுவார்’ என்பது. பயப்படலாம். ஆனால் குறையை மட்டும் எழுதி நிறுத்தினால்தான் பயம். ‘மூன்று கட்டை குறைவாக எடுத்துவிட்டோம், 28ஆம் நாள் முடிவு சரியில்லை என்றால் ரீபவுண்ட் ஹேமர் வைத்துப் பார்ப்போம், தேவையானால் கோர் எடுப்போம், அதன் செலவு எங்களுடையது’ என்று அடுத்த படியையும் சேர்த்து எழுதும்போது, வேலை யார் கையில் இருக்கிறது என்று அவருக்குப் புரிகிறது. அதோடு, சைட்டைப் பார்க்க அவருக்கு ஊரில் ஆள் உண்டு. மைத்துனரோ சித்தப்பாவோ சாயங்காலம் வண்டியில் வந்து பார்த்துவிட்டுப் போன் போடுவார். மழையில் வேலை நின்ற செய்தி எப்படியும் போய்ச் சேரும். அறிக்கையில் அது இல்லை என்றால் அறிக்கையில் உள்ள மற்றதையும் அவர் நம்பமாட்டார்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது. ‘நம் கையாலேயே எழுதிக் கொடுத்தது நாளைக்கு வழக்கில் நமக்கு எதிராக நிற்காதா?’ நிற்கலாம். ஆனால் அதே தாள் கான்ட்ராக்டரைக் காப்பாற்றவும் செய்யும். பொதுப்பணித் துறையில் எம் புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. தவறு என்றால் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அரசு வேலைகளில் தடைப் பதிவேடு என்று ஒன்றும் உண்டு. எந்தத் தடை எந்தத் தேதியில் தொடங்கி எப்போது நீங்கியது என்று அதில் குறித்தால்தான் காலநீட்டிப்புக்கு ஆதாரம். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியது, 122 ஆண்டுகளில் இல்லாத மழை என்று செய்திகள் சொன்னது அதைத்தான். அந்த மழையைக் காட்டி எவரும் தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம். ஆனால் அஸ்திவாரக் குழி தோண்டிய வீட்டுக்கும் உள்ளே பூச்சு நடந்த வீட்டுக்கும் இழப்பு ஒன்றல்ல. குழியில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்து, ஊறிக் குழைந்த களிமண்ணை வெட்டி எடுத்த பிறகுதான் அடிக் காங்கிரீட் போட முடியும். பூச்சு வேலையோ ஆள் வந்த அன்றே தொடரும். ‘மழையால் தாமதம்’ என்று மொத்தமாக எழுதியவரால் ஒரு நாளைக்கூட நிரூபிக்க முடியாது. எந்த வேலை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை நின்றது என்று எழுதி வைத்தவர்தான் காலநீட்டிப்பை உரிமையோடு கேட்கலாம்.

நேரம் இல்லை என்பது கடைசி எதிர்ப்பு. இந்த வார அறிக்கைக்குத் தேவைப்பட்டவை நாலே கேள்விகள்: கம்பி கட்டில் ‘ஆல்மோஸ்ட்’ என்றது எதை விட்டு, காங்கிரீட் எவ்வளவு நேரம் எங்கே நின்றது, கட்டைகள் எப்போது எடுத்தவை, சிமென்ட் எந்த வகை. முதல் கேள்வியைக் காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாளே கேட்டிருக்க வேண்டும். கவர் பிளாக் வைக்காமல் விட்டிருந்தால் வியாழனுக்குப் பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே கேள்வியை ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்துவைக்காமல், செய்தி வந்த அன்று மாலையே கேட்டுவிடுவது நல்லது. பதில்களை வைத்து அறிக்கையை நாள்வாரியாக அல்லாமல் வேலைவாரியாக எழுதி, வீட்டுக்காரர் முடிவு சொல்ல வேண்டியவற்றை, எந்தத் தேதிக்குள் என்பதோடு மேலேயே வைக்கலாம். அனுப்புமுன் அதை இன்ஜினியர் ஒருமுறை படித்தாக வேண்டும். ‘3.40’ தவறு, அது ‘4.10’ என்று திருத்தக்கூடியவர் அவர் ஒருவர்தான்.