வெள்ளி மாலை மாறும் கெடு

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. புதன் மாலை தரவேண்டிய மென்பொருளைத் திங்களன்றே கிளையன்ட் கேட்கிறார் என்கிறார் மேனேஜர். "முடியாது சார்" என்றால் பேச்சு முறியும். "பார்க்கிறேன் சார்" என்றால் சம்மதமாகிவிடும். மணிக்கணக்கைச் சொல்லுங்கள்: பில் திரைக்கு 6, ரிப்போர்ட்டுக்கு 10, டெஸ்டிங்குக்கு 8. மொத்தம் 24 மணி நேரம், மூன்று வேலை நாள். அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது டெஸ்டிங்தான். அதற்கு மட்டும் இணங்காதீர்கள்.

பிறகு கேளுங்கள்: "சார், திங்களன்று அவர்கள் எதைப் பார்க்கப்போகிறார்கள்?" பில் திரை மட்டும்தான் என்றால், அதை 2 மணி நேரம் டெஸ்ட் செய்து திங்கள் மாலை தரலாம், மற்றவை புதன்கிழமை. சனிக்கிழமை வந்தே ஆகவேண்டுமென்றால், காம்ப் ஆஃப் எந்த நாள் என்பதையும் சேர்த்து அன்றே மெயிலில் எழுதிவிடுங்கள்.