பலூனுக்கு எத்தனை மார்க்?

சிறுநீர் பிரியாமல் தவிக்கும் நோயாளிக்குக் கதீட்டர் போடுவதை நர்சிங் மாணவர்கள் முதலில் பொம்மையில்தான் பழகுகிறார்கள். கையில் பட்டியலோடு பக்கத்தில் நிற்கும் ஆசிரியை, ஒவ்வொரு படிக்கும் டிக் போடுகிறார். அந்தப் பட்டியலை எப்படி எழுதுவது என்பதில்தான் சிக்கல்.

"கிருமி படாமல் செய்தார்" என்று ஒரு வரி எழுதினால், அதற்கு ஆளுக்கொரு அர்த்தம் வரும். கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாக வரி இருக்க வேண்டும். ஆண் நோயாளிக்குப் போடும்போது, வலது கைப் பழக்கமுள்ளவர் இடது கையால் குறியைப் பிடித்துக்கொள்வார். பிடித்த அந்த நொடியிலிருந்து இடது கையுறை சுத்தமானதல்ல. ஆகவே, "பிடித்த கை அதன்பின் டிரேயையோ குழாயையோ தொடவில்லை" என்று எழுதினால் சண்டைக்கு இடமில்லை.

அடுத்தது மார்க். இருபது படி, படிக்கு ஒரு மார்க் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவர் பத்தொன்பது வாங்குகிறார். விட்டது ஒன்றுதான்: சிறுநீர் எட்டிப் பார்த்ததுமே பலூனில் தண்ணீர் ஏற்றிவிட்டார். சிறுநீர் வரும் துளை குழாயின் நுனியில் இருக்கிறது. பலூனோ அதற்குப் பின்னால் இருக்கிறது. நுனி சிறுநீர்ப்பைக்குள் போயிருந்தாலும் பலூன் இன்னும் சிறுநீர்த் தாரையிலேயே இருக்கலாம். அங்கே அது விரிந்தால் தாரை கிழிந்து ரத்தம் வரும். ஆறிய பிறகும் தழும்பால் பாதை சுருங்கக்கூடும். அதனால் சிறுநீர் வந்த பிறகும், குழாய் இரண்டாகப் பிரியும் கவை வரை உள்ளே செலுத்திவிட்டுத்தான் தண்ணீர் ஏற்ற வேண்டும். கை துடைக்கும் காகிதத்தை எடுத்துப்போட மறந்ததும் இதுவும் ஒரே மார்க் என்றால் அந்தப் பட்டியலே தவறு. இப்படிப்பட்ட இரண்டு மூன்று படிகளைத் தனியே குறித்து, ஒன்று தவறினாலும் மொத்த மார்க் எவ்வளவு இருந்தாலும் மறுபடி செய்ய வேண்டும் என்று விதி வைப்பதே நியாயம் என்பேன்.

பொம்மைக்கு வலிக்காது என்பது இன்னொரு குறை. அதற்கும் வழி இருக்கிறது. தண்ணீர் ஏறும்போது ஆசிரியை நோயாளியின் இடத்திலிருந்து, "ஐயோ, வலிக்குதும்மா!" என்று சொல்ல வேண்டும். ஏற்றுவதை உடனே நிறுத்தி, ஏறிய தண்ணீரைத் திரும்ப எடுக்கிறாரா என்று ஒரு வரி பட்டியலில் சேர்ந்துவிடும்.

எழுதியதை அப்படியே பரீட்சைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரே மாணவர் செய்வதை இரண்டு ஆசிரியைகள் தனித்தனியே பார்த்து டிக் போட்டு, பிறகு வரி வரியாக ஒப்பிட வேண்டும். "பையைச் சரியாக மாட்டினார்" என்ற இடத்தில் ஒருவர் டிக், மற்றவர் தப்பு போட்டிருந்தால், திருத்த வேண்டியது அந்த வரியைத்தான். "பை சிறுநீர்ப்பைக்குக் கீழே, கட்டிலின் அசையாத சட்டத்தில், தரையைத் தொடாமல் தொங்குகிறது" என்று மாற்றி எழுதிவிட்டு, இருவரையும் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும்.