20 லிட்டர் தொட்டியில் எத்தனை லிட்டர் இருக்கிறது?

மாடித்தோட்டத்துக்குத் தொட்டி வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது விலையை, அடுத்து லிட்டரை. தக்காளி வைக்க இத்தனை லிட்டர், கறிவேப்பிலைக்கு இத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்குகிறார்கள். தொட்டி வீட்டுக்கு வந்த பிறகு அந்த லிட்டரை அளந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. வாயகன்று அடி குறுகிய தொட்டியிலும் வாளியிலும் இந்த எண் தவறாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது எப்படித் தவறுகிறது என்று தெரிந்துகொண்டால், ஏமாந்தோமா இல்லையா என்பதை அளவுநாடாவை வைத்தே சொல்லிவிடலாம்.

அடி குறுகியிருப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி ஏற்றிச் செல்லவும், வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழற்றவும் அந்த வடிவம் தேவைப்படுகிறது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கூம்பின் இடைக்கண்டம் என்று படித்தது இதுதான். கூர்மையான நுனியை வெட்டியெடுத்துவிட்டுக் கவிழ்த்து வைத்த கூம்பு. வாயின் குறுக்களவு, அடியின் குறுக்களவு, உயரம் என்ற மூன்று அளவுகள் தெரிந்தால் அதன் கன அளவு கிடைத்துவிடும்.

```
கன அளவு = 0.2618 × உயரம் × (வாய் × வாய் + வாய் × அடி + அடி × அடி)
```

இதில் வாய், அடி என்பவை விட்டங்கள், அதாவது முழுக் குறுக்களவுகள். 0.2618 என்பது பையை 12 ஆல் வகுத்தால் வரும் எண். எல்லாவற்றையும் செ.மீட்டரில் அளந்தால் விடை கன செ.மீட்டரில் வரும். அதை 1000 ஆல் வகுத்தால் லிட்டர்.

ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். உட்புறமாக அளந்தால் வாய் 30 செ.மீ., அடி 22 செ.மீ., உயரம் 28 செ.மீ. விற்பனைப் பக்கத்தில் '20 லிட்டர்' என்று போட்டிருக்கிறது. முப்பதை முப்பதால் பெருக்க 900, முப்பதை இருபத்திரண்டால் பெருக்க 660, இருபத்திரண்டை இருபத்திரண்டால் பெருக்க 484. மூன்றையும் கூட்டினால் 2044. அதை 28 ஆலும் 0.2618 ஆலும் பெருக்கினால் 14,983 கன செ.மீ., அதாவது 15 லிட்டர். விளம்பரத்தில் சொன்னதில் கால் பங்கு காணோம்.

இந்த 20 எங்கிருந்து வந்திருக்கலாம் என்று தேடினால் ஒரு விடை கிடைக்கிறது. அடி குறுகியிருப்பதையே மறந்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை 30 செ.மீ. அகலமுள்ள நேர் உருளை என்று வைத்துக் கணக்கிட்டால் 19.8 லிட்டர் வருகிறது. அதை முழுமையாக்கினால் 20. இதே தொட்டியின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்து ஒன்றரை செ.மீ. துருத்திக்கொண்டிருந்து, விளிம்போடு சேர்த்து 33 செ.மீ. என்று அளந்தால் 24 லிட்டர் வரை போய்விடும். ஆகவே உங்கள் தொட்டியில் லிட்டர் குறைந்தால், வாயை மட்டும் வைத்து உருளைக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். விளம்பர எண்ணோடு அது ஒத்துப்போனால் பிழை எங்கே என்பது கையில் கிடைத்துவிடும். புகார் எழுதும்போது அந்த ஒரு வரி மிகவும் பயன்படும்.

இரண்டு விட்டங்களையும் கூட்டிப் பாதியாக்கி உருளைக் கணக்கு போடும் வழக்கமும் உண்டு. மேற்படி தொட்டிக்கு அப்படிச் செய்தால் 14.9 லிட்டர் வரும். வீட்டுக் கணக்குக்கு அது போதும். ஆனால் அந்த வழி எப்போதும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். வாய் 40, அடி 16 என்று கடுமையாகக் குறுகும் தொட்டிகளில் குறைவு கிட்டத்தட்ட 6 சதவீதம் ஆகிவிடும். கடைக்காரரோடு வாதாடப் போகிறீர்கள் என்றால் மேலே சொன்ன சூத்திரத்தையே பயன்படுத்துங்கள். தவறான கணக்கோடு போய் நின்றால் நியாயமான புகாரும் நிற்காது.

அளப்பதில் கவனம் வேண்டும். வாயை விளிம்பின் உட்பக்கமாக, நாடா எங்கே அதிக நீளம் காட்டுகிறதோ அங்கே அளக்க வேண்டும். வட்டம் சற்று நெளிந்திருந்தால் குறுக்கும் நெடுக்கும் அளந்து சராசரி எடுங்கள். உயரத்துக்கு வாயின் மேல் ஒரு நேரான சட்டத்தை வைத்து, அதிலிருந்து உள்தரை வரை அளக்க வேண்டும். அடிப்பகுதி உள்ளே மேடேறியிருப்பதால் வெளி உயரம் இரண்டு மூன்று செ.மீ. கூடக் காட்டலாம். நீர்தேங்கும் இரட்டைத் தளத் தொட்டிகளில் மண் நிற்கும் தட்டிலிருந்துதான் உயரத்தை எடுக்க வேண்டும். உள்ளே அடியை அளக்க நாடா வளைந்துகொடுக்காவிட்டால், ஒரு குச்சியை இருபக்கமும் தொடும்படி வெட்டி உள்ளே வைத்து, பிறகு குச்சியை அளந்துகொள்ளலாம். பானைபோல் வயிறு புடைத்த தொட்டிக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. பக்கச்சுவர் நேராகச் சரிந்திருக்க வேண்டும்.

கணக்கில் நம்பிக்கை வராதவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. ஒரு லிட்டர் குடிநீர் பாட்டிலால் வாய்வரை ஊற்றி எண்ணுங்கள். தொட்டியில் வடிகால் துளை இருந்தால் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை நன்றாகப் படியும்படி விரித்துவிட்டு ஊற்றலாம். எடை மேடை இருந்தால் இன்னும் எளிது. காலியாக ஒருமுறை, நிரப்பி ஒருமுறை எடை போடுங்கள். வித்தியாசம் எத்தனை கிலோவோ அத்தனை லிட்டர்.

வாங்கியதில் நஷ்டம் ஒருபுறமிருக்க, தவறான லிட்டரை நம்பி அடுத்தடுத்துச் செய்யும் வேலைகள்தான் எனக்குப் பெரிய கவலை. மேற்படி தொட்டியில் பத்து வாங்கியவர் 200 லிட்டர் மண்கலவைக்குச் சொல்லிவிடுவார். தண்ணீர் நிற்க மேலே 4 செ.மீ. விட்டு நிரப்பினால் ஒரு தொட்டிக்குத் தேவை 12.3 லிட்டர்தான். பத்துக்கும் 123 லிட்டர் போதும். மீதி 77 லிட்டருக்குக் கொடுத்த பணம் மூட்டையாக மாடிப்படியில் கிடக்கும். செடிக்கோ, 20 லிட்டர் மண் கிடைக்கும் என்று எண்ணி வைத்த இடத்தில் 12 லிட்டர்தான் வாய்த்திருக்கிறது.

அடி குறுகிய வாளியில் பூச்சிக்கொல்லியோ கிருமிநாசினியோ கலக்கும்போது தவறு இன்னும் தீவிரமாகிறது. லிட்டருக்கு 5 மில்லி கலக்கச் சொல்லியிருக்கும் மருந்தை '20 லிட்டர்' வாளி என்று நம்பி 100 மில்லி ஊற்றினால், உண்மையில் 15 லிட்டர் தண்ணீரில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 மில்லி ஆகிவிடும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பாதி வாளி என்று கண்ணால் பார்த்து ஊற்றுவதும் சிக்கல்தான். 28 செ.மீ. உயரத்தில் 14 செ.மீ. வரை தண்ணீர் நின்றால் அது 7.5 லிட்டர் ஆகாது, 6.35 லிட்டர்தான். கீழ்ப்பாதி ஒடுங்கியிருப்பதால் பாதி உயரம் பாதி அளவாவதில்லை. மருந்து கலக்கும் வாளியில் ஒருமுறை லிட்டர் லிட்டராக ஊற்றி, 5, 10 என்று அழியாத மையால் உட்புறம் கோடு போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அந்த வாளியை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

இனி உரிமைக்கு வருவோம். பொருளின் தரம், அளவு, விலை பற்றிச் சரியான தகவலைப் பெறுவது வாங்குபவரின் உரிமை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. இல்லாத அளவை இருப்பதாகக் காட்டி விற்பது முறையற்ற வணிக நடைமுறை. விளம்பரத்தில் அப்படிச் சொன்னால் தவறாக வழிநடத்தும் விளம்பரம். பில் தர மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறையாகவே பார்க்கப்படுகிறது. பொட்டலமாக விற்கும் பொருள்களுக்கு, எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள் தனியாக உள்ளன. பொருளின் அளவு முக்கியமாகும் இடத்தில் அதன் நீள அகலங்களையும் அச்சிட வேண்டும் என்று அவை கேட்கின்றன. ஆகவே லிட்டரை மட்டும் சொல்லி, வாய், அடி, உயரம் எதையும் சொல்லாத விற்பனைப் பக்கத்தில் வாங்கும் முன்பே அவற்றைக் கேட்டு எழுத்தில் பதில் பெறுங்கள். உள்ளளவா வெளியளவா என்றும் கேளுங்கள்.

புகாருக்கு முன் இரண்டைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டியின் அடியில் வெறுமனே '20' என்று பொறித்திருந்தால் அது மாடல் எண்ணாகவும் இருக்கலாம். லிட்டர் என்ற சொல் பொருளிலோ, பெட்டியிலோ, விற்பனைப் பக்கத்திலோ, பில்லிலோ இருக்க வேண்டும். இன்னொன்று, அளவுநாடாவின் பிழை. மேற்படி தொட்டியின் வாயை அரை செ.மீ. தவறாக அளந்தால் 0.3 லிட்டர் மாறிவிடும். அந்த அளவுக்கு வேறுபாடு வந்தால் விட்டுவிடலாம். 5 லிட்டர் குறைவதை அப்படி விட முடியாது.

ஆதாரத்துக்கு பில், லிட்டர் தெரியும்படி விற்பனைப் பக்கத்தின் படம், நாடா வைத்து எடுத்த மூன்று அளவுப் படங்கள், தண்ணீர் ஊற்றி எண்ணும் காணொளி ஆகியவை போதும். விற்பனைப் பக்கத்தைப் படமெடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். புகார் போனபின் அந்த எண் மாறிவிடக்கூடும். முதலில் விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் நிறுவனத்துக்கு அனுப்பிச் சமரசத்துக்கு முயல்வார்கள், தீர்ப்பு சொல்வதில்லை. பொட்டலத்தின் மேல் அச்சிட்ட விவரம் தவறு என்றால், தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. அதன் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

அதற்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் சரி. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் பதியலாம். ஒரு தொட்டிக்காக யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள் என்பது விற்பவர்களுக்கும் தெரியும். ஆனால் குடியிருப்புச் சங்கமோ பள்ளியோ நூறு தொட்டி வாங்கியிருந்தால் கணக்கு வேறு. மனுவில் வாய், அடி, உயரம், அவற்றிலிருந்து வந்த லிட்டர், விளம்பரம் சொன்ன லிட்டர், குறைந்த அளவுக்கான விலை, வீணாய்ப்போன மண்கலவையின் விலை ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, தொகையைத் திருப்பித் தரவும் விற்பனைப் பக்கத்தில் லிட்டரைத் திருத்தவும் உத்தரவிடும்படி கேளுங்கள்.