கலங்கிய குழாய் சொல்லாதது: அரிவாள் செல் தாங்கி யார், நோயாளி யார்?

விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். நாக்பூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் இருபது வயது மாணவி. விதர்பாவின் பௌத்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கல்லூரியில் நடந்த இரத்தப் பரிசோதனை முகாமில் அவருடைய சீட்டில் 'சிக்லிங் பாசிட்டிவ்' என்று எழுதித் தருகிறார்கள். வேறு விளக்கம் இல்லை. மறுநாளே விடுதியில் அவர் 'நோயாளி' ஆகிறார். ஊரில் பேசிவந்த திருமணம் தடைபடுகிறது. அந்தச் சீட்டு உண்மையில் என்ன சொன்னது, எதைச் சொல்லவே இல்லை என்பதுதான் இங்கே கேள்வி.

ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வேலின் வந்து அமர்ந்தால் அது ஹீமோகுளோபின் எஸ். ஆக்சிஜன் நிறைந்திருக்கும்போது இது இயல்பான ஹீமோகுளோபின் ஏ போலவே நடந்துகொள்ளும். ஆக்சிஜன் இறங்கியதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன; சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்து விறைக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் எஸ் மரபணுவைப் பெற்றவர் தாங்கி. ஆங்கிலத்தில் டிரெய்ட் என்பது இதுவே. இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு அரிவாள் செல் நோய். ஒருவரிடமிருந்து எஸ், மற்றவரிடமிருந்து பீட்டா தலசீமியா போன்ற வேறொரு கோளாறு எனப் பெற்றவரும் நோயாளியே.

முகாமில் செய்யப்பட்டது கரைதிறன் சோதனை. ஒரு சிறிய குழாயில் ஏறத்தாழ 2 மில்லி லிட்டர் கரைசல் இருக்கும். அடர்த்தியான பாஸ்பேட், சிவப்பணுவை உடைக்கும் சபோனின், ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் சோடியம் டைதயோனைட் ஆகியவை அதில் கலந்திருக்கும். அதில் 20 மைக்ரோ லிட்டர் இரத்தத்தைச் சேர்த்து, ஐந்து நிமிடம் கழித்து, கறுப்புக் கோடுகள் வரைந்த வெள்ளைத் தாளின் முன் பிடித்துப் பார்ப்பார்கள். ஆக்சிஜன் இழந்த எஸ் கரையாமல் திரள்வதால் குழாய் கலங்கி, பின்னாலுள்ள கோடுகள் மறையும். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் எதிர்மறை.

தாங்கியின் இரத்தத்தில் எஸ் நூற்றுக்கு 35 முதல் 40 வரை இருக்கும். நோயாளியிடம் எழுபதுக்கும் மேலே இருக்கும். கோடுகளை மறைக்கும் அளவுக்குக் குழாயைக் கலக்க இருபதே ஏறத்தாழப் போதும். ஆகவே இருவர் குழாயும் கலங்கும். குழாயைச் சுழற்றியில் இட்டுச் சுற்றினால், தாங்கியின் குழாயில் கீழ்நீர் இளஞ்சிவப்பாகவும் நோயாளியின் குழாயில் ஏறத்தாழ நிறமின்றியும் நிற்கும் என்பது உண்மைதான். ஆயினும் அந்த நிறவேறுபாட்டை வைத்து ஒருவருடைய வாழ்வுக்குப் பெயர் சூட்டக் கூடாது. அந்தச் சீட்டு சொன்னது ஒன்றே: இந்த இரத்தத்தில் எஸ் இருக்கிறது. எவ்வளவு, எதனோடு சேர்ந்து என்பதை அது சொல்லவில்லை.

சில வேளைகளில் இருப்பதையும் அது காட்டாது. பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு எஸ் இன்னும் போதிய அளவு உருவாகியிராது. அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டவரிடம் அதன் விகிதம் இறங்கியிருக்கும். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே போன கடும் சோகையில், 20 மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் கலக்கத்தை உண்டாக்கும் அளவுக்குச் சரக்கே இருக்காது. இரத்தத்தின் அளவை இரட்டிப்பாக்கித் திரும்பச் செய்ய வேண்டும். டைதயோனைட் விரைவில் கெட்டுவிடும் பொருள். வெயிலில் வண்டியில் கிடந்த கரைசல் எல்லாரையும் 'நெகட்டிவ்' ஆக்கிவிடும். எஸ் உண்டென்று முன்பே உறுதியான ஓர் இரத்த மாதிரியை அன்றைய கரைசலில் சோதித்துக் கலங்குகிறதா என்று பார்த்தார்களா என முகாமில் கேட்பது நியாயமான கேள்வி. மாறாக, இரத்தத்தில் கொழுப்போ புரதமோ மிகுந்திருந்தால் எஸ் இல்லாமலே குழாய் கலங்கலாம்.

எனவே அடுத்த படி ஹீமோகுளோபின் பகுப்பாய்வு. பெரும்பாலான ஆய்வகங்களில் இது எச்.பி.எல்.சி. என்னும் கருவியில் நடக்கிறது. உடைந்த சிவப்பணுக்களின் சாறு ஒரு மெல்லிய குழல் வழியே செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு வகை ஹீமோகுளோபினும் தன் மின்னேற்றத்திற்கேற்ப வெவ்வேறு நேரத்தில் வெளியேறுகிறது. தாளில் அவை முகடுகளாகப் பதிவாகும். முகட்டின் பரப்பே விழுக்காடு.

நம் மாணவியின் தாளில் இவ்வாறு இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: ஏ 58.4, எஸ் 35.6, ஏ2 3.5, எஃப் 0.9. மீதம் சிறு கூறுகள். முதலில் பார்க்க வேண்டியது, ஏ பெரிதா எஸ் பெரிதா என்பது. இங்கே ஏ பெரிது. இரத்தம் ஏற்றப்படாத ஒருவரிடம் ஏ, எஸ்ஸை விட மிகுந்திருந்தால் அவர் தாங்கி. மரபணுக்கள் பாதிக்குப் பாதி என்றாலும் விழுக்காடு ஏன் பாதியாக இல்லை? இயல்பான பீட்டாச் சங்கிலி, எஸ்ஸின் சங்கிலியை விட எளிதாக ஆல்ஃபாச் சங்கிலியோடு இணைகிறது. போட்டியில் ஏ முந்திக்கொள்கிறது.

ஆனால் அவருக்கு ஹீமோகுளோபின் 9.8 கிராம்தான், சிவப்பணுக்களும் சிறியவை, சராசரிப் பருமன் 72. 'அரிவாள் செல் இருப்பதால்தான் சோகை' என்று இங்கேதான் பலரும் தவறாக முடிவு கட்டுகிறார்கள். தாங்கி நிலை தன்னளவில் சோகையை உண்டாக்காது. ஃபெரிட்டின் பார்த்தபோது 8. இது இரும்புச்சத்துக் குறைபாடு. விடுதி உணவும் மாதப்போக்கும் சேர்ந்து உண்டாக்கிய, மாத்திரையால் தீரக்கூடிய சோகை. மரபணுவின் மேல் பழியைப் போட்டுவிட்டால் அந்த மாத்திரையும் அவருக்குக் கிடைக்காது.

அவருடைய பதினேழு வயதுத் தம்பிக்குக் குளிர்காலம்தோறும் இடுப்பிலும் காலிலும் வலி. 'வாதம்' என்று ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுடைய கரைதிறன் குழாயும் அக்காவின் குழாயைப் போலவேதான் கலங்கியது. பகுப்பாய்வில் எஸ் 76.0, எஃப் 17.5, ஏ2 2.9, ஏ 2.1. அந்தச் சிறு 2.1 கருவி காட்டும் எச்சம். மெய்யான ஏ அங்கே இல்லை எனலாம். சிவப்பணுவின் பருமன் 84. பெற்றோர் இருவரும் தாங்கிகள். ஆகவே இரு பக்கமும் எஸ் பெற்ற நோயாளி அவன். கருக்குழந்தையின் ஹீமோகுளோபினாகிய எஃப் இந்திய நோயாளிகள் பலரிடம் இவ்வாறு உயர்ந்து நின்று நோயை ஓரளவு தணிக்கிறது. அதனாலேயே இந்த வயது வரை பெயரிடப்படாமல் வலியோடு வாழ்ந்துவிடுகிறவர்களும் உண்டு. அவனுக்குத் தேவை ஹைட்ராக்ஸியூரியா, ஃபோலிக் அமிலம், தடுப்பூசிகள், காய்ச்சல் வந்தால் தாமதியாத சிகிச்சை.

இதே தம்பிக்கு மூன்று வாரத்திற்கு முன் இரத்தம் ஏற்றியிருந்தால் தாளில் ஏ 55, எஸ் 35 என்று வந்திருக்கலாம். அக்காவின் தாளுக்கும் அதற்கும் வேறுபாடே தெரியாது. நோயாளியைத் தாங்கி என்று அனுப்பிவிடுவார்கள். ஆகவே தாளைப் படிக்கும் முன் கேட்க வேண்டியது, கடந்த நான்கு மாதத்தில் இரத்தம் ஏற்றினார்களா என்பது. இன்னொரு சிக்கல், எஸ்ஸும் பீட்டா தலசீமியாவும் சேர்ந்த நிலை. அதில் ஏ இல்லாமல் போகலாம். அல்லது எஸ்ஸை விடக் குறைவாக இருக்கலாம். ஏ2 நான்குக்கு மேல், சிவப்பணுக்கள் சிறியவை. 'ஏயும் இருக்கிறது, எஸ்ஸும் இருக்கிறது, ஆகவே தாங்கி' என்று படிப்பவர் இங்கே வழுக்குவார். எது மிகுதி என்பதே கேள்வி. ஐயம் இருந்தால் பெற்றோரின் இரத்தம் அதைத் தீர்க்கும்.

கரைதிறன் சோதனையை இதனால் தள்ளிவிட வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் டி என்று ஒன்று உண்டு. காரநிலை மின்பகுப்பில் அது எஸ் நிற்கும் அதே இடத்தில் வந்து நிற்கும். ஆனால் குழாயைக் கலக்காது. அங்கே இந்த எளிய குழாயே சாட்சி. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும் சோதனைகள்.

திருமணப் பேச்சில் இது மிகவும் முக்கியம். தாங்கியும் தாங்கியும் இணைந்தால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. ஆகவே மாணவி மணக்கப்போகிறவரையும் சோதிக்க வேண்டும். அவருடைய கரைதிறன் குழாய் தெளிவாக இருந்ததென்று விட்டுவிடுகிறார்கள். அவர் பீட்டா தலசீமியாத் தாங்கியாகவோ ஹீமோகுளோபின் டி உடையவராகவோ இருந்தால் குழாய் தெளிவாகத்தான் இருக்கும். குழந்தைக்கு அதே நான்கில் ஒரு பங்கு வாய்ப்பும் இருக்கும். அவருக்கும் முழுப் பகுப்பாய்வே வேண்டும். 'இருவரில் பெண்ணைச் சோதித்தால் போதும்' என்ற வழக்கம் அறிவியலிலிருந்து வந்ததல்ல.

இந்தியாவில் இந்த மரபணு 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடிகளிடையே நடத்திய ஆய்வில் பதிவாயிற்று. மத்திய இந்தியாவில் பட்டியல் சாதியினரிடையே, குறிப்பாக மகர் சமூகத்தில், இது மிகுந்து காணப்படுவதும் நெடுநாளாய் அறிந்த செய்தி. மலேரியா சூழ்ந்த நிலங்களில் தாங்கிகள் அக்காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்ததால் மரபணு நிலைத்தது. அகமண முறை அதை அந்தந்த வட்டத்துக்குள் சுழலவிட்டது. இரத்தத்தில் 'குறை' தேடுவோர் முதலில் சாதியின் திருமண விதியைத்தான் விசாரிக்க வேண்டும்.

2023 ஜூலை 1 அன்று ஷாடோலில் தொடங்கப்பட்ட தேசிய ஒழிப்பு இயக்கம் நாற்பது வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிக்கும் இலக்குடையது. முதல் படியாகக் கரைதிறன் சோதனை தவறல்ல. இரண்டாம் படி வந்து சேராமல் போவதே தவறு. உரிமைகளும் இந்தச் சொற்களில்தான் தொங்குகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயைப் பட்டியலிடுகிறது. தாங்கி நிலையை அல்ல. நாற்பது விழுக்காட்டுச் சான்று பெறும் நோயாளி உயர்கல்வி ஒதுக்கீட்டைக் கோரலாம். வேலை ஒதுக்கீட்டுப் பிரிவிலோ இரத்த நோய்கள் இடம்பெறவில்லை. 'பாசிட்டிவ்' என்ற சீட்டு தம்பிக்கு இதில் எதையும் பெற்றுத் தராது. அக்காவுக்கோ இல்லாத நோயைச் சூட்டும்.

தாங்கி நிலை நோயாக முற்றாது. சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, மிக உயர்ந்த மலைப்பகுதிக்குச் சென்ற இடத்தில் இடது விலாவின் கீழ் கடும் வலி வந்தாலோ, நீர் அருந்தாது கடும் பயிற்சியில் தசை தளர்ந்து விழுந்தாலோ மருத்துவரிடம் தாங்கி என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. மாணவி சில மாதம் இரும்பு மாத்திரை உட்கொண்டபின் மறுபடி பகுப்பாய்வு செய்தால் எஸ் 38 என்று சற்று ஏறியிருக்கக் கூடும். இரும்புக் குறைவு அந்த எண்ணைத் தாழ்த்தி வைத்திருந்தது. ஏ அப்போதும் மேலேதான் இருக்கும்.