பதினைந்து வருடத்துக்குப் பிறகு பத்தாம் வகுப்பு: மூடி வைத்த நோட்டும் வெள்ளைத் தாளும்

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டியில் நமக்குத் தெரிந்த சகோதரி ஒருவர், ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பதினைந்து வருடம் கழித்து, இரண்டு பிள்ளைகளின் தாயாக, பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத முடிவு செய்தார். ஃபஜ்ர் தொழுததும் பிள்ளைகள் எழும் வரை கிடைப்பது சுமார் அரை மணி நேரம். அதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

முதல் மாதம் முழுவதும் அவர் நோட்ஸ் எழுதினார். பாடநூலைப் பார்த்து, தலைப்புகளுக்குச் சிவப்பு மையும் விடைகளுக்கு நீல மையுமாக அழகாக எழுதினார். மாதக் கடைசியில் நோட்டை மூடிவிட்டு ஒரு கணக்கைப் போடச் சொன்னோம். இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிட்டது. பார்த்து எழுதும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். மூடிய பிறகுதான் தெரிந்தது எது, கண்ணுக்குப் பழகியது எது என்று பிரியும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கும் இளமையில் இதே பாடம் கிடைத்ததாக வரலாற்றில் வருகிறது. ஜுர்ஜானில் கற்றுக் குறிப்பெடுத்துக்கொண்டு சொந்த ஊரான தூஸுக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் மறித்தார்கள். குறிப்புகளை மட்டுமாவது கொடுங்கள், என் கல்வியே அதில்தான் இருக்கிறது என்று இமாம் கேட்டார். பையை எடுத்தால் போய்விடும் கல்வி என்ன கல்வி என்று கொள்ளையர் தலைவன் சிரித்தானாம். பையைத் திருப்பித் தந்துவிட்டான். ஆனால் இமாமவர்கள் தூஸுக்கு வந்து மூன்று வருடம் செலவிட்டு அந்தக் குறிப்புகள் முழுவதையும் மனதில் ஏற்றிய பிறகுதான் ஓய்ந்தார்கள்.

சகோதரி பழைய நோட்டை எடுத்து வைத்துவிட்டு வேறு மாதிரித் தொடங்கினார். இடப்பக்கம் கேள்வி மட்டும், வலப்பக்கம் விடை. வலப்பக்கத்தை மறைத்துவிட்டுத் தனித்தாளில் போட்டுப் பார்ப்பார். வந்தால் கேள்விக்குப் பக்கத்தில் தேதி எழுதி மறுநாள், பிறகு மூன்றாம் நாள், பிறகு ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி போடுவார். வராவிட்டால் தேதி கிடையாது, நாளைக்கு மறுபடி. நோட்டு அழகாக இல்லை. ஆனால் எங்கே பலவீனம் என்பதைத் தேதியில்லாத கேள்விகளே காட்டிக்கொடுத்தன.

அப்படித்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது. இந்தக் கணக்கைப் பாருங்கள்:

x² − 9x + 20 = 0

பெருக்கினால் 20, கூட்டினால் −9 வரும் இரண்டு எண்கள் வேண்டும். −4, −5 என்று சரியாகவே கண்டுபிடித்தார். (x − 4)(x − 5) = 0 என்றும் எழுதினார். ஆனால் விடையை −4, −5 என்று முடித்துவிட்டார். x − 4 பூஜ்ஜியமாக வேண்டுமென்றால் x என்பது 4. எனவே விடை 4, 5. சரிபார்க்க வழி சுலபம்: 4-ஐ வைத்தால் 16 − 36 + 20, பூஜ்ஜியம். −4-ஐ வைத்தால் 16 + 36 + 20, அதாவது 72.

இது பத்தாம் வகுப்புப் பாடத்தில் உள்ள கோளாறு அல்ல. கழித்தல் குறி கையை விட்டுப் போயிருக்கிறது. அது ஏழாம் வகுப்பில் படிக்கும் மகனுடைய புத்தகத்தில் இருந்தது. பின்னங்களும் அப்படியே. மூன்று வாரம் அவர் மகனின் கணக்குப் புத்தகத்தைத்தான் போட்டார். “அம்மா, இதுகூடத் தெரியாதா?” என்று பையன் சிரிப்பதையும் தாங்கிக்கொண்டு. மறந்த பாடத்தை இரண்டாம் முறை படிக்க முதல் முறையைவிடக் குறைவான நேரமே ஆகும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார். மூன்று வாரத்தில் பின்னங்கள் திரும்பி வந்ததற்கு அதுதான் காரணம். பள்ளியில் படிக்காத முக்கோணவியலில் அந்தச் சலுகை இல்லை, அது மெதுவாகத்தான் போகிறது.

நடுவில் உறவினர் கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பன்னிரண்டு நாள் நோட்டைத் தொடவே இல்லை. நம்மில் பலரும் இந்த இடத்தில்தான் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று உட்கார்ந்து, முதல் பாடத்தையே நான்கு முறை படித்து ஓய்ந்து போகிறோம். அவர் தேதி போட்ட கேள்விகளில் கடைசிப் பத்தை மட்டும் போட்டுப் பார்த்தார். ஏழு வந்தது. வராத மூன்றிலிருந்து தொடர்ந்தார்.

இப்போது மாலை அஸருக்குப் பின் வடிவியல் வரைதலும் வரைபடமும். கணக்குத் தாளில் இவை இரண்டுக்கும் தலா 8 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35 போதும். குறிகளில் தடுமாறுபவருக்கு காம்பஸும் அளவுகோலும் நல்ல துணை.

தனித்தேர்வராக எழுத நினைக்கும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வு, 25 செய்முறை. செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தேர்வு விண்ணப்பத்துக்கு முன்னதாகவே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தேர்வுத்துறை அறிவிப்பு வரும்போது மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். நம் சகோதரி பதிந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். வகுப்பு நாட்களில் சின்னவளை மாமியார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.